உள்நபர்கள் பலர் சேர்ந்தாற்போல் வாங்கும்போது நாமும் வாங்கலாமா?

கேள்வி: "அமெரிக்கப் பங்குகளில், ஒரே நிறுவனத்தின் இயக்குநர்கள், அதிகாரிகள் மூன்று பேராவது இரண்டு வாரத்துக்குள் வாங்கியிருந்தால் நானும் வாங்குவது என்று ஒரு விதி வைத்து பேக்டெஸ்ட் செய்தேன். லாபம் நம்ப முடியாத அளவுக்கு வருகிறது. சின்னச் சின்ன வாங்கல்களை எந்த அளவில் வெட்டுவது? அவர்கள் தாமதமாகத் தெரிவிப்பதை எப்படிக் கணக்கில் எடுப்பது?"

நம்ப முடியாத லாபம் என்று நீங்களே சொல்வதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். இந்த வகைச் சோதனையில் லாபம் அளவுக்கு மீறி வந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மூன்றாவது நபர் வாங்கிய நாளன்று உங்கள் நிரல் பங்கை வாங்கிவிடுகிறது, ஆனால் அந்த மூன்றாவது நபர் வாங்கியது அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. நீங்கள் சிறிய வாங்கல்களையும் தாமதத்தையும் இரண்டு தனிக் கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். இப்படிப் பலர் சேர்ந்து வாங்கும் ஒரு கொத்து எந்தக் கணத்தில் நமக்குக் கொத்தாகத் தெரிய வருகிறது என்பதை வரையறுத்துவிட்டால், இரண்டுக்கும் பெரும்பகுதி விடை அதிலேயே கிடைத்துவிடும். நான் பல ஆண்டுகளாக இந்தத் தாக்கல்களைத் தரவாகக் கையாள்பவன். உறுதியாகத் தெரிந்ததையும், என் கணிப்பு மட்டுமே ஆனதையும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானவை. அமெரிக்காவில் ஒரு பொது நிறுவனத்தின் இயக்குநர், உயர் அதிகாரி, 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் ஆகிய உள்நபர்கள் தங்கள் கொடுக்கல் வாங்கலைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்.இ.சி.யிடம் படிவம் 4 மூலம் தெரிவிக்க வேண்டும். சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டத்தின்படி 2002 ஆகஸ்ட் 29 முதல் அதற்கான கெடு, வாங்கிய நாளுக்குப் பிறகு இரண்டு வேலை நாட்கள். அதற்கு முன்பு அடுத்த மாதம் 10ஆம் தேதி வரை அவகாசம் இருந்தது; மாதத் தொடக்கத்தில் வாங்கியவர் ஏறத்தாழ நாற்பது நாள் கழித்துச் சொன்னாலும் அது சட்டப்படி சரியே. மின்வழித் தாக்கல் கட்டாயமானது 2003 ஜூன் 30 முதல்தான். ஆகவே 1990களையும் 2010களையும் ஒரே விதியில் போட்டுச் சோதித்தால், அடிப்படையிலேயே வேறுபட்ட இரண்டு உலகங்களைக் கலக்கிறீர்கள். என் பரிந்துரை, சோதனையை 2003இன் பிற்பகுதியிலிருந்து தொடங்குங்கள் என்பதே.

ஆய்வுகள் தரும் உறுதியும் கொஞ்சம் உண்டு. லக்கோனிஷாக், லீ ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இன்றும் இத்துறையில் எல்லோரும் ஏற்பது: உள்நபர்கள் வாங்குவதில் தகவல் இருக்கிறது, விற்பதில் அவ்வளவாக இல்லை, அந்தத் தகவலும் பெரும்பாலும் சிறிய நிறுவனங்களில்தான் குவிந்திருக்கிறது. விற்பவருக்கு வீடு கட்டுவது, வரி கட்டுவது, சொத்தைப் பரவலாக்குவது என்று நூறு காரணங்கள் இருக்கலாம். சம்பளமும் பங்கு மானியமும் ஏற்கெனவே அதே நிறுவனத்தில் சிக்கியிருக்கும்போது கைக்காசைப் போட்டு மேலும் வாங்குவதற்குக் காரணங்கள் குறைவு. பலர் சேர்ந்து வாங்கும்போது தனியொருவரின் தவறான கணிப்போ, சொந்தச் சூழலோ காரணமாக இருக்கும் வாய்ப்பு இன்னும் குறைகிறது. கொத்துக்கு மதிப்பு வருவது இந்தத் தனித்தனி முடிவுகளிலிருந்துதான். அந்தத் தனித்தன்மை இல்லாத இடத்தில் எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

எனவே வடிகட்டும் வேலை தொகையில் தொடங்குவதில்லை; எத்தனை பேர் முடிவெடுத்தார்கள் என்று எண்ணுவதில் தொடங்குகிறது. படிவத்தில் `transactionCode` என்ற புலத்தில் `P` என்று இருக்கும் வரிசைகளை மட்டும் எடுங்கள். `A` என்பது நிறுவனம் கொடுத்த மானியம், `M` என்பது விருப்ப உரிமையைப் பயன்படுத்தியது, `F` என்பது வரிக்காகப் பிடித்துக்கொண்ட பங்கு. இவற்றைச் சேர்த்தால் ஆண்டுதோறும் மானியம் வழங்கும் நாளில் எல்லா நிறுவனத்திலும் பெருங்கொத்து உருவாகிவிடும். ஆனால் `P` என்று இருப்பதாலேயே அது சந்தையில் வாங்கியது என்று நம்பிவிட முடியாது. அந்தக் குறியீடு திறந்த சந்தைக் கொள்முதலையும் தனிப்பட்ட முறையில் வாங்குவதையும் சேர்த்தே குறிக்கிறது. மருந்து ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று புதிய பங்குகளை வெளியிடும்போது இயக்குநர்கள் ஐந்து பேரும் அதில் வாங்குவார்கள்; ஐந்து வரிசைகளிலும் ஒரே தேதி, ஒரே முழு எண் விலை இருக்கும். அது நிதி திரட்டும் நிகழ்ச்சி. ஐந்து பேரும் தனித்தனியாகக் கணித்து எடுத்த முடிவு அல்ல. விலை எல்லோருக்கும் ஒரே எண்ணாக இருக்கிறதா, அன்றைய சந்தையின் உச்ச விலைக்கும் தாழ்ந்த விலைக்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்தாலே இவற்றில் பெரும்பாலானவை பிடிபடும். மிச்சத்தை அடிக்குறிப்பு சொல்லிவிடும்.

அடுத்த சிக்கல், ஒரே பங்கு பல பெயர்களில் வருவது. ஒரு முதலீட்டு நிதி வாங்கினால் அந்த நிதி, அதை நிர்வகிக்கும் நிறுவனம், அதன் தலைவர் என மூன்று பேரும் அறிக்கையாளர்களாக ஒரே படிவத்தில் இருக்கலாம். சில நேரம் தனித்தனிப் படிவங்களிலும் இருக்கலாம். அதே தலைவர் இந்த நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தால், உங்கள் நிரல் ஒருவரை மூவராக எண்ணி, தனி ஆளாகவே கொத்து என்று அறிவித்துவிடும். கணவர் பெயரில் கொஞ்சம், குடும்ப அறக்கட்டளை பெயரில் கொஞ்சம் வாங்குவதும் இப்படித்தான். ஒரே தேதி, ஒரே பங்கு எண்ணிக்கை, ஒரே விலை உள்ள வரிசைகளை ஒரே முடிவாக மடித்துவிடுங்கள். திருத்தப் படிவமான 4/ஏ வந்தால் மூலப் படிவத்தின் மேல் அதை எழுதுங்கள், புதிதாகச் சேர்க்காதீர்கள். 10 சதவீத உரிமையாளர்களைக் கொத்தின் தலைக்கணக்கில் நான் சேர்ப்பதில்லை. அவர்களில் பலர் வெளியிலிருந்து நிறுவனத்தைக் கைப்பற்றவோ செல்வாக்கைக் கூட்டவோ வாங்குகிறவர்கள். நிதித் தலைவருக்குத் தெரிவது அவர்களுக்குத் தெரிவதில்லை. இது என் தேர்வுதான், நிரூபிக்கப்பட்ட விதி அல்ல.

இப்போது சிறிய வாங்கல்கள். இவை ஏன் வருகின்றன என்று தெரிந்தால் எங்கே வெட்டுவது என்பதும் தெளியும். ஈவுத்தொகையைத் தானாகப் பங்காக மாற்றும் கணக்குகளிலிருந்து சில நூறு டாலர் வரிசைகள் வருகின்றன. முறையான திட்டங்களில் நடப்பவற்றுக்குத் தாக்கல் தேவையில்லை என்றாலும், தரகர் வழியாக நடப்பவற்றைச் சிலர் `P` என்றே தாக்கல் செய்துவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த இயக்குநர்கள் தங்கள் ஆண்டு மதிப்பூதியத்தின் சில மடங்கு அளவுக்குப் பங்கு வைத்திருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. அதை நிறைவேற்றச் சிறிது சிறிதாக வாங்குவார்கள். மூன்றாவது வகைதான் ஆபத்தானது. பங்கு விலை சரிந்ததும், நம்பிக்கை இருப்பதாகக் காட்டுவதற்காகவே ஆளுக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் டாலருக்கு வாங்குவது. ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் ஊதியம் பெறும் ஒருவருக்கு அது ஒரு விளம்பரச் செலவு. பேர் எண்ணிக்கை மட்டும் பார்க்கும் விதி இந்த மூன்றாவது வகையில்தான் நன்றாக ஏமாறும், ஏனென்றால் அது கொத்தாகத் தெரிய வேண்டும் என்றே செய்யப்படுகிறது.

டாலர் வரம்பு மட்டும் வைத்தால் பெரிய நிறுவனத்தில் அது பொருளற்றதாகவும், மிகச் சிறிய நிறுவனத்தில் நல்ல வாங்கல்களையும் வெட்டுவதாகவும் ஆகிவிடும். ஏற்கெனவே உள்ள பங்கோடு ஒப்பிடும் சதவீதம் மட்டும் வைத்தால், எட்டு லட்சம் பங்கு வைத்திருக்கும் நிறுவனர் மூன்றரை லட்சம் டாலருக்கு வாங்கியது சிறியதாகத் தெரியும். கையில் பங்கே இல்லாத புதிய இயக்குநர் ஆயிரம் டாலருக்கு வாங்கியது அளவற்றதாகத் தெரியும். அதனால் நான் இரண்டையும் கோர்த்து வைக்கிறேன். ஒருவரின் மொத்தம் 25,000 டாலரை எட்ட வேண்டும். அதோடு, அந்த வாங்கல் அவர் கையிருப்பை 5 சதவீதமாவது கூட்டியிருக்க வேண்டும் அல்லது 1,00,000 டாலரைத் தாண்டியிருக்க வேண்டும். வாங்குவதற்கு முந்தைய கையிருப்பு படிவத்தில் நேரடியாக இருக்காது. `sharesOwnedFollowingTransaction` என்ற புலத்திலிருந்து வாங்கிய எண்ணிக்கையைக் கழித்துக்கொள்ளுங்கள். நேரடிக் கையிருப்பும் அறக்கட்டளை வழியான கையிருப்பும் தனித்தனி வரிசைகளில் வரும் என்பதால் கூட்டிப் பார்ப்பது அவசியம். இந்த மூன்று எண்களும் நான் பழகிய எண்கள் மட்டுமே. 25,000ஐ 20,000 ஆக்கினால் உங்கள் முடிவு தலைகீழாகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது வரம்பை அல்ல, முடிவைத்தான்.

வரம்பை எந்த அலகில் வைப்பது என்பதில் பலர் இடறுகிறார்கள். ஒரே நாளில் ஒருவர் போட்ட ஒரே ஆணை, பல துண்டுகளாக நிறைவேறி ஏழெட்டு வரிசைகளாகத் தாக்கலாகலாம். ஒரு டாலர் இடைவெளிக்குள் நடந்தவற்றைச் சேர்த்து, சராசரி விலையை ஒரே வரிசையில் எழுதி, விலை வீச்சை அடிக்குறிப்பில் சொல்லும் வழக்கமும் உண்டு. ஒருவர் துண்டு துண்டாக எழுதுவார், இன்னொருவர் சேர்த்து எழுதுவார். வரிசைக்கு 25,000 டாலர் என்று வைத்தால், துண்டாக எழுதியவர் முழுவதும் காணாமல் போய்விடுவார். கொத்தின் கால எல்லைக்குள் ஒருவர் வாங்கிய அத்தனையையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேல் வரம்பை வையுங்கள்.

இனி தாமதம். ஒவ்வொரு தாக்கலிலும் மூன்று நேரங்கள் இருக்கின்றன: வாங்கிய நாள், தாக்கல் நாள், எஸ்.இ.சி.யின் மின்தாக்கல் அமைப்பான எட்கர் அதை ஏற்றுக்கொண்ட கணம். உங்களுக்குத் தேவை மூன்றாவது. எட்கர் இணைப்பில் அது `acceptanceDateTime` என்ற பெயரில் கிடைக்கும். உள்நபர் படிவங்களைக் கிழக்கு நேரப்படி இரவு 10 மணி வரை அனுப்பினாலும் அதே நாளின் தாக்கல் தேதி கிடைத்துவிடும். ஆனால் சந்தை மாலை 4 மணிக்கே மூடியிருக்கும். தாக்கல் தேதியின் முடிவு விலையில் வாங்குவதாகச் சோதித்தால், இரவு எட்டு மணிக்கு வந்த செய்தியை மாலை நான்கு மணிக்கே படித்துவிட்டதாக ஆகும். நேரம் கிடைக்கவில்லை, தேதி மட்டும்தான் இருக்கிறது என்றால், அடுத்த வர்த்தக நாளின் தொடக்க விலையை எடுங்கள். சற்றுக் கடுமையாக இருந்தாலும் அதுதான் நேர்மையானது.

கொத்து என்று வரும்போது இது இன்னும் நுட்பமாகிறது. பலரும் செய்வது, வாங்கிய தேதிகளை வரிசைப்படுத்தி, பத்து வர்த்தக நாளுக்குள் மூன்று பேர் இருக்கும் இடங்களைக் கண்டுபிடித்து, பிறகு இரண்டு நாள் கூட்டிக்கொள்வது. இதில், இருபத்தைந்து நாள் கழித்துத் தாக்கல் செய்த ஒருவரும் அன்றைய கொத்தில் சேர்ந்துவிடுவார். அவர் இல்லாமல் அது இரண்டு பேர் மட்டுமே. நடப்பு நாளில் இருந்த உங்களுக்கு அந்த இருவர்தான் தெரிந்திருப்பார்கள். தாமதமாகத் தாக்கல் செய்பவர்கள் அரிதல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆண்டு அறிக்கையில் அவர்களைக் குறிப்பிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. சரியான முறை, தாக்கல்களை ஏற்கப்பட்ட நேர வரிசையில் ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொரு தடவையும் 'இதுவரை எனக்குத் தெரிந்ததில், கடந்த பத்து வர்த்தக நாளுக்குள் நடந்த வாங்கல்களில், வரம்பைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்' என்று கேட்பது. நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
def signal_time(f, n=3, window=10):
    f = f.sort_values("accepted")
    for i in range(len(f)):
        t = f.accepted.iloc[i]
        seen = f.iloc[:i + 1]
        new = seen[seen.trade_day >= session(t) - window]
        usd = new.groupby("decider").usd.sum()
        if (usd >= 25000).sum() >= n:
            return t
```

இதில் `f` என்பது ஒரே நிறுவனத்தின் தாக்கல் வரிசைகள். `trade_day` என்பது வர்த்தக நாட்களுக்கு நீங்கள் கொடுத்த தொடர் எண். `session(t)` அதே எண்ணை ஏற்கப்பட்ட நாளுக்குத் தருகிறது. `decider` என்பது மேலே சொன்னபடி மடித்த பிறகு கிடைக்கும் முடிவெடுத்தவர். கையிருப்புச் சதவீத நிபந்தனையைச் சுருக்கத்துக்காக விட்டிருக்கிறேன். கவனியுங்கள், பழைய தாக்கல்களை வெட்டுவதற்கு இங்கே தனி விதியே தேவைப்படவில்லை. இருபத்தைந்து நாள் தாமதமாக வந்த வரிசை, வந்த அன்றே பத்து நாள் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஒருவரின் மொத்தத் தொகையும் அதுவரை வந்த படிவங்களிலிருந்து மட்டுமே கூட்டப்படுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. திங்கள் 4ஆம் தேதி ஓர் இயக்குநர் 18 டாலர் விலையில் 6,000 பங்கு வாங்குகிறார், 1,08,000 டாலர். அவர் கையில் முன்பு 15,000 பங்கு. படிவம் புதன் மாலை வருகிறது. செவ்வாய் 5ஆம் தேதி நிதித் தலைவர் 18.20 விலையில் 2,500 பங்கு வாங்குகிறார். 45,500 டாலர், முன்பு 40,000 பங்கு இருந்ததால் கையிருப்பு 6 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுகிறது. படிவம் வியாழன் மாலை. அதே செவ்வாய் இன்னோர் இயக்குநர் 300 பங்கு மட்டும் வாங்குகிறார், 5,460 டாலர். புதன் 6ஆம் தேதி தலைமை நிர்வாகி 18.10 விலையில் 20,000 பங்கு வாங்குகிறார், 3,62,000 டாலர். அவரிடம் ஏற்கெனவே 8,00,000 பங்கு இருப்பதால் சதவீதத்தில் இரண்டரைதான், ஆனால் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. அவர் படிவம் வெள்ளி 8ஆம் தேதி இரவு ஏழு மணிக்கு வருகிறது.

வடிகட்டி இல்லாத விதி, 300 பங்கு வாங்கியவரையும் எண்ணி, செவ்வாய்க்கிழமையே மூன்று பேர் என்று சொல்லும். தொகை வடிகட்டி மட்டும் போட்டு வாங்கிய தேதியில் நுழைந்தால் புதன்கிழமை 18.30 முடிவு விலையில் நுழைவீர்கள். தெரிய வந்த நேரப்படி போனால் மூன்றாவது நபர் உங்களுக்குத் தெரிவது வெள்ளி இரவு. நீங்கள் வாங்குவது திங்கள் 11ஆம் தேதி தொடக்கத்தில். இதற்குள் இரண்டு படிவங்கள் வெளியாகிவிட்டதால் விலை 19.60க்கு ஏறியிருக்கிறது என்று கொள்வோம். மூன்று மாதத்தில் பங்கு 21 டாலருக்குப் போனால், புதன்கிழமை நுழைந்த கணக்கில் லாபம் ஏறத்தாழ 14.8 சதவீதம், உண்மையில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது 7.1 சதவீதம். சிறிய நிறுவனப் பங்கில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி போக மிஞ்சுவது இன்னும் குறைவு. பங்கின் கதை எங்கும் மாறவில்லை. நுழைந்த நாள் மட்டும் மாறி, லாபத்தில் பாதி போய்விட்டது. உங்கள் சோதனையிலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுப் பாருங்கள். இடைவெளி எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ள அதைவிட நேரான வழி இல்லை.

விலை இப்படி ஏறிவிட்டால் நுழையலாமா என்பது அடுத்த வடிகட்டி. மேலே உள்ள கணக்கில் மூவரின் சராசரி விலை 18.09 டாலர், 19.60 என்பது அதைவிட 8 சதவீதத்துக்கு மேல். சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் நான் விட்டுவிடுகிறேன். ஆனால் இது நல்லதா என்பதில் எனக்கே உறுதியில்லை: மிக வேகமாக ஏறியவற்றில் சில, உண்மையாகவே நல்ல செய்தி உள்ளவை. சோதித்துப் பார்க்க வேண்டியது, நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாதது.

உண்மையான நிகழ்வு ஒன்றில் இவை எப்படித் தெரிகின்றன என்று பார்க்கலாம். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி வீழ்ந்த உடனே சார்லஸ் ஷ்வாப் நிறுவனத்தின் பங்கும் கடுமையாகச் சரிந்தது. மார்ச் 14 அன்று அதன் தலைமை நிர்வாகி வால்ட் பெட்டிங்கர் 50,000 பங்குகளை, ஏறத்தாழ 30 லட்சம் டாலருக்கு வாங்கினார். அதே நாட்களில் வேறு சில உள்நபர்களும் வாங்கினார்கள். தொகை பெரியது, முடிவெடுத்தவர்கள் பலர், சந்தையில் வாங்கியது. எல்லா வடிகட்டியும் தாண்டும் கொத்து. ஆனால் பெட்டிங்கர் தான் வாங்கியதை அன்றே தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். ஆகவே படிவம் 4 வந்தபோது அதில் புதுச் செய்தி ஏதும் மிச்சமில்லை. இவ்வளவு கவனிக்கப்படும் பெரிய நிறுவனத்தில், படிவத்துக்காகக் காத்திருக்கும் விதிக்குச் சிறு நிறுவனத்தில் இருக்கும் சாதகம் இருக்காது. பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது: பங்கு மே மாதத் தொடக்கத்தில் 50 டாலருக்குக் கீழே போய், ஜூலை நடுவில் காலாண்டு முடிவு வந்த பிறகுதான் 60 டாலரைத் தாண்டியது. ஒரு மாதம் வைத்திருந்து விற்கும் விதி இங்கே நஷ்டப்பட்டிருக்கும்; ஆண்டு முடிவு வரை வைத்திருந்தவர் லாபத்தில் இருந்திருப்பார்.

உள்நபர்கள் பொதுவாகச் சீக்கிரமே வாங்கிவிடுகிறார்கள் என்பதற்கு ஒரு சட்டக் காரணமும் துணை நிற்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் விற்று லாபம் பார்த்தால், அந்த லாபத்தை நிறுவனத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1934ஆம் ஆண்டுப் பங்குப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 16(பி) பிரிவு சொல்கிறது. அடுத்த மாத விலையை எண்ணி அவர்கள் வாங்குவதில்லை. அதனால் வைத்திருக்கும் காலத்தை ஆறு மாதமும் அதற்கு மேலும் வைத்துச் சோதிப்பது பொருத்தம். எத்தனை மாதம் சிறந்தது என்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும் விடை கிடையாது.

அதே மார்ச் மாதம் தரவில் உள்ள ஓட்டையையும் காட்டியது. ஃபர்ஸ்ட் ரிபப்ளிக், சிக்னேச்சர் ஆகிய வங்கிகளுக்கு மேல் தாய் நிறுவனம் எதுவும் இல்லாததால், அவற்றின் உள்நபர்கள் எஸ்.இ.சி.யிடம் அல்லாமல் வைப்புக் காப்பீட்டு அமைப்பான எஃப்.டி.ஐ.சி.யிடம் தாக்கல் செய்தார்கள். எட்கரில் மட்டும் தேடுபவருக்கு அந்த இரண்டு வங்கிகளிலும் யாரும் எதுவும் செய்யவில்லை என்றே தெரியும். இரண்டு வங்கிகளும் அந்த ஆண்டே மூழ்கின. வங்கிப் பங்குகளைச் சோதிக்கும்போது, பதிவு இல்லாததை 'நடக்கவில்லை' என்று படித்துவிடாதீர்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உங்கள் எண்கள் உங்களை ஏமாற்றும். உள்நபர்கள் சரிந்த பங்கைத்தான் வாங்குகிறார்கள். சரிந்த பங்குகளில் ஒரு பகுதி எப்படியும் மீளும். ஆகவே உங்கள் லாபத்தைச் சந்தைக் குறியீட்டோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அதே நாளில், அதே அளவு சரிந்த, ஏறத்தாழ அதே மதிப்புள்ள, ஆனால் யாரும் வாங்காத பங்குகளோடு ஒப்பிடுங்கள். கொத்தின் பங்களிப்பு அந்த வித்தியாசம் மட்டுமே. சந்தையிலிருந்து நீக்கப்பட்ட நிறுவனங்கள் உங்கள் விலைத் தரவில் இருக்கின்றனவா என்பதும் இங்கேதான் முக்கியமாகிறது: இயக்குநர்கள் வாங்கிய பிறகும் மூழ்கிப்போன நிறுவனங்கள் தரவில் இல்லையென்றால், மிஞ்சியவை எல்லாம் மீண்டவைகளாகவே இருக்கும். மேலும் 2020 மார்ச், 2023 மார்ச் போன்ற மாதங்களில் கொத்துகள் குவியலாக வரும். அவற்றை நூற்றுக்கணக்கான தனித்தனி வெற்றிகளாக எண்ணாமல், சந்தை மீளும் என்று போட்ட ஒரே பந்தயமாக எண்ணுங்கள். மாதத்துக்கு ஒரு சராசரி எடுத்து, அந்த மாதங்களின் வரிசையைக் கொண்டு கணக்கிட்டால் உண்மையான உறுதி எவ்வளவு என்று தெரியும்.

ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் வாங்கும் வழக்கமுள்ளவர்களையும் கழித்துவிடுங்கள். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஒரே மாதத்தில் வர்த்தகம் செய்தவரை வழக்கக்காரர் என்று கோஹன், மலாய், பொமோர்ஸ்கி மூவரும் 2012இல் வரையறுத்து, அவர்களின் வர்த்தகத்தில் தகவல் ஏதும் இல்லை என்று காட்டினார்கள். ஊக்கத்தொகை வந்ததும் வாங்குபவர்கள் ஒரே நிறுவனத்தில் மூன்று பேர் இருந்தால், ஒவ்வோர் ஆண்டும் அதே வாரத்தில் ஒரு கொத்து முளைக்கும். காலாண்டு முடிவு வந்த பிறகே வாங்க அனுமதிக்கும் நிறுவன விதிகளாலும் வாங்கல்கள் சில வாரங்களில் நெருக்கி வரும். அதனால்தான் பத்து நாளுக்கும் குறைவாக எல்லையை இறுக்குவதில் நான் பெரிய பயன் காணவில்லை.

இதை இந்தியப் பங்குகளுக்குக் கொண்டுபோக நினைத்தால் விதிகளை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. செபியின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒரு காலாண்டில் ஒருவரின் வர்த்தகம் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் தெரிவிக்க வேண்டும்; அவர் நிறுவனத்துக்குச் சொல்ல இரண்டு வர்த்தக நாள், நிறுவனம் பங்குச் சந்தைக்குச் சொல்ல மேலும் இரண்டு வர்த்தக நாள். சிறிய வாங்கல்களில் ஒரு பகுதியைச் சட்டமே வடிகட்டிவிடுகிறது; ஆனால் வரம்பைத் தாண்டும் வரை வாங்கியவை தாண்டிய பிறகே வெளியே தெரியும் என்பதால் தாமதம் கூடுகிறது. அதைவிடப் பெரிய வேறுபாடு புரமோட்டர் குடும்பம். தந்தை, மனைவி, மகன், குடும்பத்தின் இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் என்று ஐந்து பெயர்கள் ஒரே வாரத்தில் 'மார்க்கெட் பர்ச்சேஸ்' என்று வந்தால் அது பெரும்பாலும் ஒரே முடிவு, ஒரே பை. அங்கே புரமோட்டர் குழு முழுவதையும் ஒரே `decider` ஆக மடித்துவிட்டு, நிர்வாக இயக்குநராக வேலை செய்யும் வெளியாட்கள், நிதித் தலைவர், சார்பற்ற இயக்குநர்கள் ஆகியோரைத் தனித்தனியாக எண்ணுங்கள். அப்படி எண்ணினால் மூன்று பேர் சேரும் கொத்துகள் மிகக் குறைவாகவே கிடைக்கும். அவ்வளவு குறைந்த எண்ணிக்கையைக் கொண்டு ஒரு நுழைவு விதியை நிறுவ முடியும் என்று நான் சொல்லத் தயாராக இல்லை.

உங்கள் தரவில் ஏற்கப்பட்ட நேரம் இருக்கிறதா, இல்லை தாக்கல் தேதி மட்டும்தானா என்பதைச் சொல்லுங்கள். தேதி மட்டும் என்றால் முதலில் நுழைவை அடுத்த நாள் தொடக்க விலைக்கு மாற்றி, வேறு எதையும் தொடாமல் ஒருமுறை ஓட்டி, அந்த எண்ணைப் பகிருங்கள். தொகை வரம்புகளை அதற்குப் பிறகு பேசலாம்.